லேப்டாப் ஃபேன் இரைச்சலும் கீபோர்டு சூடும்: தூசியா, பின்னணி வேலையா, காய்ந்த தெர்மல் பேஸ்டா?

ஃபேன் ஓயாமல் இரைகிறது, கீபோர்டில் விரல் வைத்தால் சுடுகிறது. இதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். ஏதோ ஒரு புரோகிராம் பின்னணியில் பிராசஸரை ஓட வைத்துக்கொண்டிருக்கலாம். காற்று போகும் வழியைத் தூசி அடைத்திருக்கலாம். பிராசஸருக்கும், அதன் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற உலோகப் பகுதிக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மூன்றும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுப் பேஸ்ட் மாற்ற உட்காருபவர்கள் பலர். கடைசியில் குற்றவாளி ஒரு பிரவுசர் டேபாக இருக்கும்.

பிரித்தறிய வெப்பநிலையோடு இன்னொரு எண்ணும் வேண்டும்: பிராசஸர் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது என்பது. எடுக்கும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதை வாட் சொல்லும். பிறந்த சூடு ஒழுங்காக வெளியேறுகிறதா என்பதை வெப்பநிலை சொல்லும். சும்மா இருக்கும்போதே வாட் அதிகமென்றால் பின்னணி வேலை. வாட் குறைவாக இருந்தும் வெப்பநிலை அதிகமென்றால் தூசி அல்லது பேஸ்ட். அந்த இரண்டில் எது என்பதை வெப்பநிலை ஏறும் வேகம் காட்டிக்கொடுக்கும். கீழே உள்ள படிகள் விண்டோஸ் லேப்டாப்புக்கானவை. தர்க்கம் எந்தக் கணினிக்கும் பொருந்தும்.

படி 1: அளப்பதற்கு முன்

லேப்டாப்பைச் சமமான, கடினமான மேசையில் வையுங்கள். மெத்தையிலோ மடியிலோ வைத்து அளந்தால், அடிப்பக்கத் துளைகள் மூடிக்கொண்டு தூசி இல்லாத இயந்திரமும் தூசி அடைத்ததைப் போலவே நடந்துகொள்ளும். சார்ஜரைச் செருகுங்கள். ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல் 15 நிமிடம் விடுங்கள். தொடங்கிய சில நிமிடங்களில் அப்டேட், வைரஸ் சோதனை எல்லாம் ஒன்றாக ஓடும். அப்போது எடுக்கும் எண்கள் எதற்கும் உதவாது. அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை 5 டிகிரி கூடினால் பிராசஸரும் ஏறக்குறைய 5 டிகிரி கூடும். வேறு வேறு நாளில் எடுத்த எண்களை ஒப்பிடும்போது இதைக் கழிக்க வேண்டும்.

HWiNFO என்ற இலவசக் கருவியை நிறுவி, `Sensors-only` என்பதைத் தேர்ந்து திறங்கள். நீளமான பட்டியல் வரும். நமக்கு வேண்டியவை சில வரிகள்தான்: `CPU Package Power` வாட்டைக் காட்டும், இன்டெல்லில் `CPU Package`, ஏஎம்டியில் `CPU (Tctl/Tdie)` வெப்பநிலையைக் காட்டும். ஃபேன் சுழற்சியும் தெரிந்தால் நல்லது. எல்லா லேப்டாப்பும் அதை வெளியே சொல்வதில்லை. அமைப்புகளில் வாசிக்கும் இடைவெளியை 2000-இலிருந்து 500 மில்லிசெகண்டுக்கு மாற்றுங்கள். பின்னால் வரும் சோதனையில் முதல் சில நொடிகள்தான் முக்கியம். வெப்பநிலை வரியை இருமுறை கிளிக் செய்தால் அதன் வரைபடம் திறக்கும். அதைத் திறந்தே வைத்திருங்கள்.

சூடு எந்த இடத்தில் என்பதையும் கையால் தொட்டுப் பாருங்கள். கீபோர்டின் மேல்பகுதி, திரையின் கீலை ஒட்டிச் சுட்டால் அது பிராசஸரின் சூடு. கை வைக்கும் பகுதியோ டச்பேடோ சுட்டால், அதுவும் டச்பேடு லேசாக மேலெழும்பியிருந்தால், பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிட்டு, சார்ஜரைக் கழற்றி, இயந்திரத்தை அணைத்து, பேட்டரியை மாற்றக் கொடுங்கள்.

படி 2: சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?

15 நிமிடம் கழித்து, மவுஸைத் தொடாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். சாதாரண மெல்லிய லேப்டாப்பில் பிராசஸர் 2 முதல் 5 வாட்டுக்குள் இருக்கும்; பெரிய கேமிங் லேப்டாப்பில் 10 வரை போகலாம். மெல்லிய லேப்டாப் ஒன்று ஒன்றுமே செய்யாமல் தொடர்ந்து 10, 12 வாட் குடித்தால் ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். கோளாறு மென்பொருளில் இருக்கிறது.

`Ctrl+Shift+Esc` அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, CPU என்ற தலைப்பைக் கிளிக் செய்து அதிகமானது மேலே வரும்படி வைக்கவும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே தெரியும் சதவீதம் மொத்தப் பிராசஸருக்கான கணக்கு. 8 திரெட் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் 8 வேலைகளை ஓட்டக்கூடிய பிராசஸரில் ஒரு புரோகிராம் ஒரு திரெட்டை முழுக்கப் பிடித்துக்கொண்டால் 12.5 சதவீதம் என்றுதான் காட்டும். 16 திரெட் என்றால் 6 சதவீதம். பார்க்கச் சிறிய எண். ஆனால் அந்த ஒரு கோர் உச்ச வேகத்தில், உச்ச மின்னழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஃபேன் இரைய அதுவே போதும். 100-ஐ உங்கள் திரெட் எண்ணிக்கையால் வகுங்கள். அந்த எண்ணை ஒட்டியே ஒரு புரோகிராம் அசையாமல் நின்றால், அது எங்கோ சிக்கிச் சுழல்கிறது என்று பொருள்.

யார் என்று தெரிந்தபின் என்ன செய்வது என்பது பெயரைப் பொறுத்தது. `SearchIndexer.exe` கோப்புகளைத் தேடலுக்காகப் பட்டியலிடுகிறது, `MsMpEng.exe` வைரஸ் சோதனை செய்கிறது, `TiWorker.exe` அப்டேட்டை நிறுவுகிறது. மூன்றும் விண்டோஸின் சொந்த வேலைகள். பெரிய அப்டேட் வந்த பிறகோ, நிறைய கோப்புகளை நகலெடுத்த பிறகோ மணிக்கணக்கில் ஓடலாம். பிறகு தாமாக அடங்கும். இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டு, தூங்கப் போகாதபடி அமைத்து, ஆன் செய்தே விடுங்கள். மறுநாளும் அதே பெயர் மேலே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். பிரவுசர் மேலே இருந்தால், குரோமில் `Shift+Esc` அழுத்துங்கள்; எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் என்று அதுவே பிரித்துக் காட்டும். டேப்களையெல்லாம் மூடியும் இறங்கவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் அடங்கும், மூடினால் மறுபடி ஏறும். விண்டோஸின் பராமரிப்பு வேலைகளும் நீங்கள் மவுஸைத் தொட்டதும் ஒதுங்கிக்கொள்ளும் என்பதால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். ஆனால் டாஸ்க் மேனேஜரைக் கண்டு ஒளிந்துகொள்ளும் கிரிப்டோ மைனர்களும் இப்படித்தான் நடந்துகொள்ளும். HWiNFO-வின் வாட் வரைபடம் நாள் கணக்கில் இதே போக்கைக் காட்டினால், விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டிவிடுங்கள்.

படி 3: தூசியா, பேஸ்டா? ஒரே சோதனையில் தெரியும்

சும்மா இருக்கையில் வாட் குறைவு, வெப்பநிலை மட்டும் அதிகம் என்றால் சூடு வெளியேறும் பாதையில் தடை இருக்கிறது. அந்தப் பாதைக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் சூடு சிலிக்கான் சிப்பிலிருந்து பேஸ்ட் வழியாகச் செம்புக் குழாய்க்குப் போகிறது. இரண்டாவதில் செம்புக் குழாயிலிருந்து தகடுகள் வழியாகக் காற்றுக்குப் போகிறது. சிப்பு மிகச் சிறியது. அதில் சூடு தேங்கினால் ஓரிரு நொடியில் வெப்பநிலை எகிறும். செம்பும் தகடுகளும் கனமானவை. அவை சூடேற நிமிடங்கள் ஆகும். ஆகவே பேஸ்ட் கெட்டால் உயர்வு நொடிகளில் தெரியும். தூசி அடைத்தால் நிமிடங்களில் தெரியும்.

இதை நேர்மையாக அளக்க முதலில் பூஸ்டை அணைக்க வேண்டும். இப்போதைய பிராசஸர்கள் வேலை வந்த முதல் சில நொடிகளுக்கு வழக்கமான வாட்டைப் போல இரண்டு, மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் புத்தம்புது லேப்டாப்பும் 95 டிகிரியைத் தொடும். அதைப் பார்த்துவிட்டு ‘பேஸ்ட் போச்சு’ என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பொதுவான தவறு. டெர்மினலை நிர்வாகி உரிமையோடு திறந்து இதை இடுங்கள்:

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX 99
powercfg /setactive scheme_current
```

உச்ச வேக வரம்பை 99 சதவீதமாக வைத்தால் பூஸ்ட் நின்றுவிடும். இருவகைக் கோர்கள் உள்ள புதிய இன்டெல் பிராசஸர்களில் `PROCTHROTTLEMAX1` என்று மாற்றி இன்னொரு முறையும் இட வேண்டியிருக்கும். வேலை செய்ததா என்று வாட் எண்ணே சொல்லிவிடும்: சுமை கொடுத்ததும் ஒரு எண்ணுக்கு ஏறி அங்கேயே நின்றால் சரி.

அடுத்து, CPU-Z என்ற கருவியை நிறுவித் திறந்து Bench பகுதியில் `Stress CPU` அழுத்துங்கள். பத்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். நான்கு எண்கள் வேண்டும்: தொடங்குமுன் இருந்த வெப்பநிலை, தொடங்கி 3 நொடியில், 10 நிமிட முடிவில், நிறுத்தி 3 நொடியில்.

ஒரே மாதிரியான மூன்று லேப்டாப்பை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. மூன்றும் சும்மா இருக்கையில் 3 வாட், சுமையில் 15 வாட். அதாவது 12 வாட் கூடுகிறது.

நல்ல நிலையில் இருப்பது 45 டிகிரியில் தொடங்குகிறது. 3 நொடியில் 57, பத்து நிமிடத்தில் 69. உடனடி உயர்வு 12, மெல்ல ஏறியது 12.

தூசி அடைத்தது 49-இல் தொடங்குகிறது. 3 நொடியில் 61. உயர்வு அதே 12 தான். பிறகு நிற்காமல் ஏறிப் பத்து நிமிடத்தில் 89. மெல்ல ஏறியது மட்டும் 28. நிறுத்தினால் உடனே 77-க்கு இறங்கி, அங்கிருந்து 49-க்கு வரப் பல நிமிடம் எடுக்கும்.

பேஸ்ட் கெட்டதும் 49-இல்தான் தொடங்குகிறது. ஆனால் 3 நொடியிலேயே 77. அதன்பின் நிதானமாக ஏறி அதுவும் 89. நிறுத்தியதும் சட்டென்று 61-க்கு விழும்.

பின்னிரண்டும் தொடங்கியதும் 49, முடித்ததும் 89. இரண்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டவருக்கு வித்தியாசமே தெரியாது. நடுவில் ஏறிய விதம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் லேப்டாப்பில் வாட் வேறாக இருக்கும் என்பதால், உடனடி உயர்வைக் கூடிய வாட்டால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டில் நல்லது வாட்டுக்கு 1 டிகிரி. கெட்டது வாட்டுக்கு 2.3 டிகிரி. சிப்பின் அளவுக்கேற்ப நல்ல எண்ணும் மாறும். ஆகவே வாங்கிய புதிதிலேயே ஒருமுறை அளந்து வைத்தவருக்குப் பின்னால் சந்தேகமே வராது.

கையும் காதும் சொல்லும் சாட்சியம் இதோடு ஒத்துப்போக வேண்டும். தூசி என்றால் ஃபேன் விடாமல் ஒரே சீராக இரையும், வெளியேறும் காற்று பலவீனமாகவும் கொதிப்பாகவும் இருக்கும், கீபோர்டு முழுக்கச் சூடு பரவும். பேஸ்ட் என்றால் ஃபேன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் சீறும், உடனே அடங்கும். காற்று பலமாக வரும், ஆனால் வெதுவெதுப்பாகவே இருக்கும். பேஸ்ட் மட்டும் கெட்ட லேப்டாப்பில் கீபோர்டு அவ்வளவாகச் சுடாது. வெளியேறும் மொத்தச் சூடு கூடவில்லை, சிப்பு மட்டும்தான் தனக்குள் வேகிறது. கீபோர்டு சூடுதான் முதல் புகார் என்றால் தூசி அல்லது பின்னணி வேலையின் பக்கம் சாய்வதே நியாயம்.

ஃபேனே சுழலாவிட்டாலும் எண்கள் தூசியைப் போலவே வரும். சுழற்சி எண் பூஜ்யமாக இருந்தாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ அது பேரிங் பழுது. ஃபேனை மாற்ற வேண்டும்.

படி 4: தூசி எடுப்பது

தூசி, பேஸ்ட் இரண்டுமே சந்தேகம் என்றால் தூசியை முதலில் எடுங்கள். அடிமூடியைத் திறந்தால் போதும், ஹீட்சிங்கைத் தொட வேண்டியதில்லை. எடுத்தபின் மறுபடி அளந்தால் பேஸ்டுக்கு வேலை இருக்கிறதா என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியின் ஸ்குரூக்களை எடுங்கள். நீளம் வேறுவேறாக இருக்கும். ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் கை வைக்கும் பகுதியில் மேடு விழும். சில மாடல்களில் ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் பலம் காட்டாமல் அங்கே தேடுங்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது.

தூசி ஃபேன் இறக்கையில் இருப்பதைவிட, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் அதிகம் சேரும். அங்கே அது கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாக நெய்துகொண்டு காற்றை முழுக்க மறித்துவிடும். வெளியிலிருந்து துளை வழியாகக் காற்றடித்தால் அந்தப் படலம் ஃபேனுக்குள் தள்ளப்படும். நாலு நாளில் திரும்பித் தகட்டில் ஒட்டும். ‘சுத்தம் பண்ணியும் பலனில்லை’ என்பவர்களில் பலர் செய்தது இதைத்தான். ஃபேனைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்குரூக்களைக் கழற்றி, அதைத் தூக்கி, படலத்தை இடுக்கியால் உரித்து எடுங்கள். மீதியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளி, காற்றடியுங்கள். காற்று கேனை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும்; சாய்த்தால் திரவம் தெறிக்கும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது தாங்கும் வேகத்தை மீறிச் சுழன்று பேரிங் கெடும். வீட்டு வேக்யூம் கிளீனரை போர்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். நிலைமின்சாரம் பாகங்களைக் கொல்லும்.

பேட்டரியை இணைத்து, மூடி, படி 3-இன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மெல்ல ஏறும் பங்கு குறைந்திருக்க வேண்டும்.

படி 5: பேஸ்ட் மாற்றுவது

உடனடி உயர்வு அப்படியே இருந்தால் மட்டும் இந்தப் படி. பேஸ்ட் வெறுமனே காய்வது பாதிக் கதைதான். சிப்பும் செம்பும் சூட்டில் வேறுவேறு அளவு விரிந்து சுருங்குவதால், பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுக்கப்படும். திறந்து பார்த்தால் நடுவில் சிப்பு பளபளவென்று தெரியும், சுற்றிலும் பேஸ்ட் கரை கட்டியிருக்கும்.

திறக்குமுன் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். சில கேமிங் லேப்டாப்களில் தொழிற்சாலையிலேயே பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போட்டிருப்பார்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். பாதரசம் போல வெள்ளியாக மின்னினால், துடைக்க முயலாமல் பழக்கப்பட்டவரிடம் விட்டுவிடுங்கள்.

பிரிக்குமுன் லேப்டாப்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் பேஸ்ட் இளகியிருக்கும். மறுபடி பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஹீட்சிங்கின் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். கழற்றும்போது 4-இலிருந்து 1-க்கு, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்தி வாருங்கள். ஒரு பக்கம் முழுக்கக் கழற்றினால் மறுபக்கத்து அழுத்தத்தில் சிப்பின் விளிம்பு உடையலாம். லேப்டாப் சிப்பின் மேல் பாதுகாப்பு மூடி கிடையாது. ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் லேசாகத் திருகுங்கள், நேராகப் பிடுங்க வேண்டாம்.

பழைய பேஸ்டை 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் இரு பரப்பிலிருந்தும் துடையுங்கள். கத்தி, ஸ்குரூடிரைவர் நுனி எதுவும் வேண்டாம். பக்கத்து மெமரி சிப்புகளின் மேல் மெத்தென்ற தெர்மல் பேட் இருக்கும். கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்திருந்தால் அதே தடிமனில் புதியது வேண்டும். 0.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு பிராசஸரைத் தொடாமல் நிற்கும். பேட் இருந்த இடத்தில் பேஸ்டைப் பூசினாலோ இடைவெளி நிரம்பாது.

மேசைக் கணினிக்குச் சொல்லப்படும் ‘நடுவில் ஒரு பட்டாணி’ அளவு இங்கே ஒத்துவராது. சிப்பு நீள்சதுரம், மூலை மூடாமல் விட்டால் அந்த மூலையில் உள்ள கோர் தனியாகச் சூடேறும். சிப்பின் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு வைத்து, பிளாஸ்டிக் தகட்டால் பரப்பு முழுக்க மூடும்படி மெல்லிசாகத் தடவுங்கள். கொஞ்சம் கூடினால் பிதுங்கி வெளியேறிவிடும், குறைந்தால்தான் தொல்லை. நீர்த்த பேஸ்ட் லேப்டாப்பில் மறுபடி சீக்கிரம் பிதுங்கும். கெட்டியான வகையை வாங்குங்கள். PTM7950 போன்ற, சூட்டில் இளகிப் பரவும் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. அதைச் சிப்பின் அளவுக்கு வெட்டி, இரு பக்கத் தாளையும் உரித்து வைத்தால் போதும். சில முறை சூடாகி ஆறிய பிறகே முழுப் பலன் தெரியும்.

ஹீட்சிங்கை நேராக இறக்கி, 1, 2, 3, 4 என்ற வரிசையில் அரைச் சுற்றாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஸ்குரூ தானாக நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஃபேன் கேபிளை மறுபடி செருகினீர்களா என்று மூடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மறுபடி அளப்பது

அதே மேசை, அதே பத்து நிமிடம், அதே நான்கு எண்கள். உடனடி உயர்வு பழையதைவிடக் கூடியிருந்தால் ஹீட்சிங்க் சரியாக அமரவில்லை. பேட் தடிமனையும் ஸ்குரூ வரிசையையும் சரிபாருங்கள். கோர்களுக்கு இடையே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது ஒரு மூலையில் பேஸ்ட் எட்டவில்லை. உடனடி உயர்வு சரியாகிவிட்டது, தூசியும் இல்லை, ஃபேனும் சுழல்கிறது, ஆனாலும் பத்து நிமிடத்தில் 90-ஐத் தாண்டுகிறது என்றால் ஹீட் பைப்பை, அதாவது அந்தச் செம்புக் குழாயைச் சந்தேகியுங்கள். அதற்குள் இருக்கும் திரவம் கசிந்துவிட்டால் சிப்புப் பக்கம் கொதிக்கும்போதும் தகடுப் பக்கம் குளிர்ந்தே கிடக்கும், வெளிவரும் காற்றும் சூடாகாது. அதைப் பழுதுபார்க்க முடியாது. ஹீட்சிங்க் தொகுதியையே மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பூஸ்டைத் திரும்பக் கொடுங்கள் (`PROCTHROTTLEMAX1` மாற்றியிருந்தால் அதற்கும் இதேபோல் 100 இடவும்):

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX 100
powercfg /setactive scheme_current
```

பூஸ்ட் திரும்பியதும் கனமான வேலையில் 95 டிகிரி எட்டிப் பார்க்கும். மெல்லிய லேப்டாப்களை அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். அந்தச் சத்தமும் வேண்டாம் என்றால் வரம்பை 99-லேயே விட்டுவிடலாம். எழுதுவது, படிப்பது, வீடியோ பார்ப்பது போன்ற வேலைகளில் வேகக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. வீடியோ எடிட்டிங்கிலும் கேமிலும் தெரியும்.